சேர்க்கும் முன் இரண்டாம் வருட மாணவனைக் கேளுங்கள்

நவராத்திரி வந்தால் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போவார்கள். அங்கே நவராத்திரி மண்டபத்தில் கச்சேரிகள் நடக்கும். இங்கே நாகர்கோவிலிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் விஜயதசமி அன்று பிள்ளைகளைப் பாட்டுக்கும் வயலினுக்கும் கீபோர்டுக்கும் சேர்ப்பார்கள். சேர்க்கும் அவசரத்தில் பெரும்பாலான பெற்றோர் கேட்பவை இரண்டே கேள்விகள்தான்: மாசம் எவ்வளவு, என்னைக்கு வகுப்பு. இவை தேவையான கேள்விகள். ஆனால் பிள்ளை ஏதாவது கற்றுக்கொள்ளுமா என்பதை இவை சொல்லாது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஆசிரியர் எப்படிப் பாடுகிறார், எந்த மேடையில் வாசித்தார், சுவரில் எத்தனை சான்றிதழ் மாட்டியிருக்கிறார் என்பதையெல்லாம் பிறகு பார்க்கலாம். அவரிடம் இரண்டு வருடம் படித்த ஒரு சாதாரண மாணவன், யாரும் சொல்லிக் கொடுக்காத ஒரு சின்னப் பாட்டை வைத்துக்கொண்டு தானாக என்ன செய்கிறான் என்று பாருங்கள். அந்த ஆசிரியரின் கற்பிக்கும் திறமை அங்கேதான் தெரியும். மேடையில் பாடும் சிறந்த மாணவி எந்த ஆசிரியரிடமும் ஒருத்தி இருப்பாள். அவளைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

அதற்கு முன்னால் உங்கள் வீட்டுக்கு எந்த இசை வேண்டும் என்று ஒரு முடிவுக்கு வர வேண்டும். நம் மாவட்டத்தில் இது லேசான விஷயமில்லை. ஒரே தெருவில் கர்நாடக சங்கீதம் படிக்கும் பிள்ளை இருக்கும், அடுத்த வீட்டில் கோயிலில் வாசிக்க கீபோர்டு படிக்கும் பிள்ளை இருக்கும். (இங்கே கோயில் என்றால் தேவாலயத்தையும் சேர்த்துத்தான்.) சபையில் வாசிக்கிற பிள்ளைக்கே இரண்டு வித வேலை இருக்கிறது. பாமாலைப் பாட்டு மேல்நாட்டு மெட்டு. நான்கு குரலாகப் பிரிந்து போகும், ஸ்டாஃப் நொட்டேஷன் பார்த்தோ சோல்ஃபா பார்த்தோ வாசிக்க வேண்டும். கீர்த்தனை ராகம், தாளம் உள்ளது. மயிலாடி ஜான் பால்மர் காலத்திலிருந்து இந்த மண்ணில் தமிழ்ப் பாட்டுக்கு ஒரு கிறிஸ்தவ மரபும் உண்டு. பாமாலையை நன்றாக வாசிக்கிறவருக்குக் கீர்த்தனை கைவராமல் போகலாம். ஆகவே ஆசிரியரிடம், "சார், இவ சர்ச்சில வாசிக்கணும், அதுக்குத்தான் படிக்கா" என்று நோக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நேர்மையான ஆசிரியர், "எனக்கு கிரேடு பரீட்சைக்குத்தான் பழக்கம், சபைக்கு வாசிக்க நீங்க இன்னாரிடம் போங்க" என்று அவரே சொல்லிவிடுவார்.

வயலினுக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். கர்நாடக வயலினைத் தரையில் உட்கார்ந்து, தலைப்பக்கத்தைக் காலில் தாங்கி, ஸ–ப–ஸ–ப என்று சுருதி கூட்டி வாசிப்பார்கள். மேல்நாட்டு வயலினை நின்றோ நாற்காலியில் இருந்தோ தோளுக்கும் தாடைக்கும் நடுவில் பிடிப்பார்கள். தந்தி கூட்டும் முறையும் வேறு. ஒன்றில் இரண்டு வருடம் பழகிய கையை மற்றதற்கு மாற்றுவது பெரும்பாடு. எந்த முறை என்று கேட்காமல் சேர்த்துவிட்டு பிறகு மாற்ற நினைத்தால், பிள்ளை ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். வயலின் அளவையும் ஆசிரியர் பிள்ளையின் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தபின் வாங்க வேண்டும். அரை அளவு, முக்கால் அளவு என்று சிறியவை கிடைக்கின்றன. "பெரிசா வாங்கிப் போட்டா பின்னாலேயும் ஆகும்" என்று பள்ளிச் சட்டைக்குச் சொல்லும் கணக்கு வயலினுக்குப் பொருந்தாது.

இனி சான்றிதழ் விஷயம். ஆசிரியருக்கு என்ன படிப்பு என்று கேட்பதில் தப்பில்லை. திருவனந்தபுரத்தில் 1939-இல் தொடங்கி, முதலில் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் தலைமையில் நடந்து, இன்று சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி என்ற பெயரில் இருப்பது நமக்குப் பக்கம்தான். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்க்காரர்கள். அந்தத் தொடர்பு இசையில் இன்னும் அறுபடவில்லை. அதனால் இங்கே சில ஆசிரியர்களின் பெயருக்குப் பின்னால் கானபூஷணம் என்று பார்க்கலாம். அது அப்படியொரு இசைக் கல்லூரியில் முறையாகப் படித்ததற்கு அடையாளம். தமிழ்நாட்டு அரசின் தொழில்நுட்பத் தேர்வில் இந்திய இசைக்குக் கீழ்நிலை, மேல்நிலை என்று இரண்டு படி உண்டு. மேல்நாட்டு இசையில் லண்டன் டிரினிட்டி கல்லூரியும் ஏபிஆர்எஸ்எம் என்ற அமைப்பும் நடத்தும் கிரேடு தேர்வுகள் உண்டு.

இவையெல்லாம் ஆசிரியர் என்ன கற்றார் என்பதைத்தான் சொல்கின்றன. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதை எப்படி இறக்கிக் கொடுக்கிறார் என்பதைச் சொல்வதில்லை. பட்டமில்லாமல் தகப்பனாரிடம் கற்ற நல்ல ஆசிரியர்கள் நாஞ்சில் நாட்டில் எப்போதும் இருந்திருக்கிறார்கள். ஆனால் ஒரு பெயர் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: "நீங்க யார்கிட்ட படிச்சீங்க, எத்தனை வருஷம்?" நன்றாகக் கற்றவருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். குருவின் பெயரை ஆசையோடு சொல்வார்.

இப்போது ஒரு உதாரணத்தை முழுவதுமாகப் போட்டுப் பார்ப்போம். மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு தாய். மகளுக்குப் பத்து வயது. ஞாயிறு பள்ளியிலும் பிறகு ஆராதனையிலும் கீபோர்டு வாசிக்க வேண்டும் என்று ஆசை. ஊரில் இரண்டு இடம் இருக்கிறது. ஒன்று கடைத்தெருவில் மாடியில் நடக்கும் சின்ன இசைப் பள்ளி. மற்றது ஓய்வுபெற்ற ஆர்கன் வாசிப்பாளர் ஒருவர் வீட்டுத் திண்ணையறையில் சொல்லித் தருவது.

மாடிப் பள்ளியில் எட்டு கீபோர்டு, எட்டு பிள்ளை, ஒவ்வொருவருக்கும் ஹெட்ஃபோன், ஒரு மணி நேரம். தாய் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "ஒரு கிளாஸ்ல என் பிள்ளை வாசிக்கிறத நீங்க தனியா எத்தனை நிமிஷம் கேப்பீங்க?" அறுபது நிமிடத்தை எட்டால் வகுத்தால் ஏழரை நிமிடம். இது குறைவுதான், ஆனால் மோசமென்று உடனே முடிவு கட்ட வேண்டாம். அந்த ஏழரை நிமிடத்தில் ஆசிரியர் விரல் வரிசையைத் திருத்தி, மிச்ச நேரத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று குறித்துக் கொடுத்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனால், முதல் ஆறு மாதத்துக்கு அது போதும். மிச்ச ஐம்பத்திரண்டரை நிமிடம் பிள்ளை ஹெட்ஃபோனில் தாளப் பெட்டியை மாற்றி மாற்றி விளையாடிக் கொண்டிருந்தால் போதாது. ஒரு வகுப்பு முழுவதும் ஓரமாக உட்கார்ந்து பார்த்தால்தான் இது தெரியும். "சார், ஒரு கிளாஸ் நான் இருந்து பாக்கலாமா?" என்று கேளுங்கள். முடியாது என்று சொல்லும் இடத்தில் பிள்ளையைச் சேர்க்க வேண்டாம். பிள்ளையின் பாதுகாப்புக்கும் இதே கேள்விதான் அளவுகோல். கதவு திறந்திருக்க வேண்டும், பெற்றோர் எப்போது வந்தாலும் உள்ளே வரலாம் என்றிருக்க வேண்டும்.

அடுத்து, நான் ஆரம்பத்தில் சொன்ன இரண்டாம் வருட மாணவன். தாய் ஆசிரியரிடம் சொல்லி அவனை வாசிக்கச் சொல்கிறாள். அவன் தேர்வுக்குப் படித்த மூன்று பாட்டுகளைத் தவறில்லாமல் வாசிக்கிறான். கேட்க நன்றாக இருக்கிறது. பிறகு அவள் பையில் கொண்டுபோன ஞாயிறு பள்ளிப் புத்தகத்தில், வலது கைக்கு மட்டும் உள்ள எட்டு அளவு மெட்டு ஒன்றைக் காட்டி, மெதுவாக வாசிக்கச் சொல்கிறாள். அவனால் முடியவில்லை. "இது படிக்கலை ஆன்ட்டி" என்கிறான். சரி, தெரிந்த பாட்டையே சி-யிலிருந்து எஃப்-க்கு ஏற்றி வாசிக்கச் சொன்னால், டிரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கிவிட்டு அதே கட்டைகளில் அதே விரலை வைக்கிறான்.

இந்தப் பட்டனைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும். கீபோர்டில் அதை அமுக்கினால் சி-யில் வாசிப்பது எல்லாம் நாம் கேட்ட சுருதியில் ஒலிக்கும். அவசரத்துக்கு நல்ல வசதி. ஆனால் அதை நம்பிப் படித்த பிள்ளைக்குக் கறுப்புக் கட்டைகளில் விரல் போகாது. கோயிலில் பாட்டு மேலே போகிறது, ஒரு கட்டை இறக்கு என்று பாடகர் குழுத் தலைவர் சொன்னால் கை தடுமாறும். பியானோ முன் உட்கார்த்தினால் ஒன்றும் ஓடாது, ஏனென்றால் அதில் அந்தப் பட்டன் இல்லை. ஆகவே ஆசிரியரிடம் நேரடியாகக் கேட்கலாம்: "டிரான்ஸ்போஸ் இல்லாம எத்தனை ஸ்கேல்ல வாசிக்கப் பழக்குவீங்க, எந்த வருஷத்துல?" முதல் வருடத்தில் சி, ஜி, எஃப் மூன்றும், இரண்டாம் வருடத்தில் டி, பி-ஃபிளாட் போன்றவையும் என்று ஒரு திட்டம் அவர் மனதில் இருந்தால் சரி. கட்டைகளின் மேல் எழுத்து ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். முதல் மாதத்தில் ஒட்டியிருந்தால் பரவாயில்லை. இரண்டாம் வருடத்திலும் ஒட்டியிருந்தால் அந்தப் பிள்ளை கட்டையைப் பார்க்கிறது, தாளைப் பார்க்கவில்லை.

திண்ணையறை ஆசிரியரிடம் ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதான், அரை மணி நேரம். அடுத்த பிள்ளை பெஞ்சில் காத்திருந்து கேட்டுக்கொண்டிருக்கும். அப்படிக் கேட்பதும் படிப்புதான். அவருடைய இரண்டாம் வருட மாணவி அந்த எட்டு அளவு மெட்டை இரண்டு இடத்தில் நின்று, எண்ணிக்கையை வாய்க்குள் சொல்லிக்கொண்டு, முடிவு வரை கொண்டுபோனாள். பிறகு இடது கையில் எந்தக் கார்டு வரும் என்று தேடிப் பார்த்தாள். ஒன்று தப்பு, அவளே மாற்றினாள். கேட்பதற்கு மாடிப் பையனின் வாசிப்புதான் அழகு. ஆனால் இந்தப் பெண்ணுக்குத்தான் வாசிக்கத் தெரியும்.

அதற்காகத் திண்ணை ஆசிரியர் குறையில்லாதவர் என்றில்லை. டிசம்பர் வந்தால் அவருக்குக் கேரல் பயிற்சி, வகுப்பு நின்றுவிடும். எழுத்தில் பாடத்திட்டம் இல்லை. தேர்வுக்கு அனுப்ப மாட்டார். இவற்றையும் தாய் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். விட்டுப்போன வகுப்பை ஈடு செய்வீர்களா, பண்டிகை மாதத்தில் கட்டணம் எப்படி, பிள்ளை வீட்டில் தினமும் என்ன பயிற்சி செய்ய வேண்டும் என்று நோட்டில் எழுதித் தருவீர்களா என்று. கடைசிக் கேள்விக்கு ஆம் என்று சொல்லிவிட்டால் மற்றவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். பத்து வயதுப் பிள்ளை ஒரு நாளைக்கு இருபது நிமிடம் ஒழுங்காக உட்கார்ந்தால் வாரம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வரும். வகுப்பில் கிடைப்பதோ அரை மணி. ஆகவே வீட்டில் நடப்பதை வழிநடத்தத் தெரிந்தவர்தான் ஆசிரியர். என் தீர்ப்பு: இந்தப் பெண்ணுக்குத் திண்ணையறைதான் சரி. பிறகு தேர்வு வேண்டுமென்றால், மூன்றாம் வருடத்தில் மாடிப் பள்ளிக்குப் போகலாம். அப்போது அவளுக்கு அது சுலபமாக இருக்கும்.

தேர்வைப் பற்றி. "ஆறு மாசத்துல கிரேடு ஒன்" என்ற பலகையைப் பார்த்து மயங்க வேண்டாம். கிரேடு தேர்வுகள் நல்லவை. பிள்ளைக்கு ஒரு இலக்கும், வெளியார் ஒருவரின் மதிப்பீடும் கிடைக்கும். டிரினிட்டியின் வழக்கமான தேர்வில் மூன்று பாட்டு, ஸ்கேல் போன்ற கை வேலை, அதோடு பார்த்தவுடன் வாசித்தல், கேட்டுச் சொல்லுதல் போன்ற சோதனைகளும் இருக்கும். நூற்றுக்கு அறுபது தேர்ச்சி. ஆனால் பாட்டுகளை மட்டும் வாசித்து வீடியோ எடுத்து அனுப்பும் தேர்வுகளும் இப்போது உண்டு. அவற்றில் பார்த்தவுடன் வாசிக்கும் சோதனை கிடையாது. வருடம் முழுவதும் நாலு பாட்டை மட்டும் தேய்த்து மெருகேற்றி, அடுத்த வருடம் இன்னும் நாலு என்று போனால், கையில் கிரேடு மூன்று சான்றிதழ் இருக்கும், புதுப் பாட்டு ஒன்றை எடுத்து வைத்தால் மாடிப் பையன் கதைதான். ஆசிரியரிடம் கேட்க வேண்டியது: "தேர்வுப் பாட்டு தவிர இந்த வருஷம் வேற எத்தனை பாட்டு படிப்பாங்க?" வேறு எதுவும் இல்லை என்றால் அது தேர்வுப் பயிற்சி, இசைப் பயிற்சியில்லை.

இன்னும் இரண்டு விவரம் முன்கூட்டியே தெரிந்தால் பணம் மிச்சமாகும். டிரினிட்டியில் எலக்ட்ரானிக் கீபோர்டுக்கும் பியானோவுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம். ஏபிஆர்எஸ்எம் தேர்வில் எலக்ட்ரானிக் கீபோர்டு என்று தனிப் பிரிவே இல்லை, பியானோதான். மேலும் அதில் ஆறாம் கிரேடுக்குப் போக, ஐந்தாம் கிரேடு தியரி போன்ற ஒரு தேர்வை முன்பே முடித்திருக்க வேண்டும். டிரினிட்டியில் அந்தக் கட்டாயம் இல்லை. எந்தத் தேர்வு என்பதைக் கேட்ட பிறகே கருவி வாங்குங்கள். ஆரம்பத்துக்கு 61 கட்டையுள்ள, அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறையும் கீபோர்டு போதும். குறிப்பிட்ட ஒரு கடையில்தான் வாங்க வேண்டும் என்று ஆசிரியர் வற்புறுத்தினால், இன்னொரு கடையிலும் விலை விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கர்நாடக வாய்ப்பாட்டுக்கு வந்தால் சோதனை மாறும், நோக்கம் அதேதான். பாடத்தின் வரிசை எல்லோருக்கும் தெரிந்ததே: மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, பிறகு அலங்காரங்கள், கீதம், ஸ்வரஜதி, வர்ணம், கீர்த்தனை. ஆசிரியருக்கு ஆசிரியர் நடுவில் சில மாறும். நல்ல ஆசிரியர் ஒவ்வொரு வரிசையையும் மூன்று காலத்திலும் கையில் தாளம் போட்டுப் பாடச் சொல்வார். ஒன்று நிலைத்த பிறகே அடுத்தது. வரிசையே முடியாத பிள்ளையைப் பள்ளிப் போட்டிக்காக ஒரு கீர்த்தனைக்குத் தயார் செய்தால் பரிசு வரலாம், அடித்தளம் வராது.

இங்கே முக்கியமாகப் பார்க்க வேண்டியது சுருதி. பெண்களும் சின்னப் பிள்ளைகளும் பொதுவாக ஐந்திலிருந்து ஆறு கட்டைக்குள் பாடுவார்கள். வளர்ந்த ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரை, இரண்டு கட்டை. பத்துப் பிள்ளைகளை ஒன்றாக உட்கார்த்தி எல்லோரையும் ஆசிரியையின் ஐந்தரைக் கட்டையிலேயே பாட வைத்தால், அதில் சிலருக்கு மேல் ஷட்ஜத்தில் தொண்டை இறுகும். கழுத்து நரம்பு புடைக்கும், முகவாய் மேலே தூக்கும். வகுப்பு முடிந்து வந்த பிள்ளையின் குரல் கம்மியிருந்தால், சுருதியைப் பற்றி அன்றே கேளுங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் குரல் உடையும் பையனுக்கு ஆசிரியர் என்ன செய்கிறார் என்பது இன்னும் நல்ல சோதனை. "சுருதியை இறக்கி, கொஞ்ச நாள் மெதுவாப் பாட வைப்பேன், தாளத்துலயும் ராகம் கேக்கிறதுலயும் நேரம் போடுவேன்" என்றால் அவருக்கு விஷயம் தெரியும். "பாடப் பாடச் சரியாயிரும்" என்று அதே சுருதியில் கத்த விட்டால் அந்த வகுப்பிலிருந்து பையனை எடுத்துவிடுங்கள்.

இரண்டாம் வருட மாணவனுக்கு இங்கே வைக்கும் சோதனை இது. சுருதிப் பெட்டியை அவனுக்குத் தெரியாமல் அரைக் கட்டை மாற்றி வைத்துவிட்டு, ஒரு சரளி வரிசையைப் பாடச் சொல்லுங்கள். புதுச் சுருதியைக் காதால் பிடித்து அதில் நின்றால் அவன் கேட்கப் பழகியிருக்கிறான். பழைய சுருதியிலேயே போனால் மனப்பாடம் மட்டும் செய்திருக்கிறான். பிறகு, ஆசிரியர் ஒரு சின்ன ஸ்வரக் கோவையைப் பாடிக் காட்ட, அதை அவன் ஸ்வரமாகத் திருப்பிச் சொல்கிறானா பாருங்கள். நாலு ஸ்வரத்தில் மூன்று சரியானால்கூடப் போதும். ஆசிரியரை மதித்து, அவர் அனுமதியோடு, அவர் முன்னிலையிலேயே இதைச் செய்ய வேண்டும். பரீட்சை வைக்க வந்ததுபோல் நடந்துகொள்ள வேண்டாம்; எங்க பிள்ளையும் ரெண்டு வருஷத்துல இப்படிச் செய்யுமா என்ற ஆசையோடு கேட்டால், நல்ல ஆசிரியர்கள் மகிழ்ச்சியாகக் காட்டுவார்கள்.

கர்நாடக இசையைக் கீபோர்டில் படிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். தட்டையாக நிற்கும் கட்டையில் கமகம் எளிதில் வராது. சக்கரத்தைத் திருப்பி வளைத்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், அது தேர்ந்தவர்களின் வேலை. பிள்ளைக்குக் கர்நாடக இசைதான் வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு வருடம் வாயால் பாடிவிட்டு, பிறகு கருவிக்குப் போவது நல்லது.

சின்னப் பள்ளிகளில் மறக்காமல் கேட்க வேண்டிய ஒன்று உண்டு: பலகையில் பெயர் போட்டிருப்பவர்தான் என் பிள்ளைக்குச் சொல்லித் தருவாரா? பல இடங்களில் சேர்க்கும்போது பெரியவர் இருப்பார், வகுப்பை அவருடைய மூத்த மாணவர் எடுப்பார். அது தப்பில்லை, ஆரம்பப் பிள்ளைகளுக்கு இளையவர் சில நேரம் பொறுமையாகவே சொல்லித் தருவார். ஆனால் யார் எடுக்கிறார் என்பது முதல் நாளே தெரிய வேண்டும், அவர் வகுப்பைத்தான் நீங்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டும், பெரியவர் எத்தனை மாதத்துக்கு ஒரு முறை பிள்ளையைக் கேட்பார் என்றும் தெரிய வேண்டும்.

பணத்தை ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டச் சொன்னால் தள்ளுபடியைப் பார்த்து ஒத்துக்கொள்ளாதீர்கள். முதலில் மூன்று மாதம் மாதாமாதம் கட்டுங்கள். மூன்றாம் மாத முடிவில் கீபோர்டுப் பிள்ளை ஒரு கை மெட்டு ஒன்றையாவது நிறுத்தி நிறுத்தித் தானாக வாசிக்க வேண்டும்; பாட்டுப் பிள்ளை சுருதிப் பெட்டியோடு ஸ, ப, மேல் ஸ மூன்றையும் பிடித்து நிற்க வேண்டும். வீட்டில் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் இது வரவில்லை என்றால் ஆசிரியரிடம் நேரில் சொல்லுங்கள். அவர் காரணம் சொல்லி வழியை மாற்றினால் இன்னும் மூன்று மாதம் கொடுங்கள். பிள்ளை மேலேயே பழி போட்டால் பாக்கிக் கட்டணத்தைத் தீர்த்து, நன்றி சொல்லிவிட்டு, வேறு ஆசிரியரைப் பாருங்கள்.